குழந்தையின் மூக்கில் விதை, காதில் பூச்சி, மூச்சுக்குழாயில் கடலை: காது மூக்குத் தொண்டை மருத்துவர் பதில்கள்

கேள்வி: பாட்டியுடன் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த என் மூன்று வயது மகள், ஒரு சாகா விதையை வலது மூக்கில் போட்டுக்கொண்டாள். கண்ணுக்குத் தெரிந்ததால் சாமணத்தால் எடுக்கப் பார்த்தோம். அது உள்ளே போய் மறைந்துவிட்டது. மருத்துவமனையில்தான் எடுத்தார்கள். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

சாகா விதை, அதாவது நம் ஊர் மஞ்சாடி, உருண்டையானது, கடினமானது, வழவழப்பானது. சாமணத்தின் இரு முனைகளும் அதன் அகன்ற நடுப்பகுதியைத் தாண்டிப் பிடித்தால்தான் வெளியே இழுக்க முடியும். அதற்கு முன்பே அவை வழுக்கி, விதையைப் பின்னுக்குத் தள்ளிவிடும். விரலும் அதையேதான் செய்யும். பின்னால் போகும் பொருள் மூக்கின் பின்வாசல் வழியாகத் தொண்டையில் விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும் என்பதுதான் எங்கள் பயம். முன்னாலிருந்து செய்வதெல்லாம் உள்ளே தள்ளும், பின்னாலிருந்து வரும் காற்று மட்டுமே வெளியே தள்ளும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், செய்ய வேண்டியது தானாகவே விளங்கும்.

சொன்னால் கேட்கிற வயதுப் பிள்ளையானால், வாயால் மூச்சிழுக்கச் சொல்லி, அடைபடாத மூக்கை அழுத்திக்கொண்டு சிந்தச் சொல்லலாம். மூன்று வயதில் பலர் சிந்துவதற்குப் பதிலாக உறிஞ்சிவிடுவார்கள். அவர்களுக்கு, மருத்துவத்தில் 'அம்மா முத்தம்' என்றே அழைக்கப்படும் ஒரு முறை இருக்கிறது, அப்பாவும் செய்யலாம். ஒரு பெரிய முத்தம் தரப்போவதாகச் சொல்லிக் குழந்தையை மடியில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு வலது மூக்கில் விதை என்பதால், இடது மூக்கை ஒரு விரலால் முழுவதும் அடைத்துவிட்டு, உங்கள் வாயை அவள் வாயின் மேல் காற்றுக் கசியாதபடி பொருத்துங்கள். முதலில் மெதுவாக ஊதினால், ஒரு கட்டத்தில் காற்று எதிலோ முட்டுவது போலத் தெரியும். குழந்தையின் குரல்வளை மூடிக்கொண்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். அந்த நொடியில் கன்னத்திலுள்ள காற்றை மட்டும் 'பூ' என்று ஒரே முறை வேகமாக ஊதுங்கள். நுரையீரலுக்குப் போக வழியில்லாத காற்று அண்ணத்தின் பின்புறமாக ஏறி, அடைபட்ட மூக்கு வழியாக வெளியேறும்போது விதையையும் தள்ளிக்கொண்டு வரும். பெரும்பாலும் சளியோடு சேர்ந்து உங்கள் கன்னத்தில்தான் வந்து விழும்.

ஏறத்தாழ பத்தில் ஆறு குழந்தைகளுக்கு இது பலிக்கிறது. முழுதாக வெளிவராவிட்டாலும் பொருள் முன்னுக்கு நகர்ந்திருந்தால் எங்களுக்கு வேலை எளிது. இரண்டு மூன்று முறைக்குமேல் முயல வேண்டாம். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை போன்றவை ஈரத்தில் ஊதிப் பெருத்துவிடும் என்பதால் மூக்கில் தண்ணீர் விடக் கூடாது. விதை வந்துவிட்டாலும் மற்ற மூக்கையும் இரு காதுகளையும் ஒரு முறை பாருங்கள்; ஒன்றைப் போட்ட பிள்ளை இன்னொன்றையும் போட்டிருப்பது அபூர்வமல்ல.

கேள்வி: பொம்மையிலிருந்த வட்ட பேட்டரியை மகன் மூக்கில் போட்டுவிட்டான் என்று சந்தேகம். இதற்கும் இந்த முறை ஆகுமா? (செந்தூல், கோலாலம்பூர்)

நீங்கள் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஈரமான மூக்குச் சதையைத் தொட்டதும் பேட்டரியின் இரு துருவங்களுக்கிடையே மின்சாரம் ஓடி, அங்கே காரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே சதை வெந்து, பிற்பாடு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழக்கூடும். பொம்மை ஓடாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் சதையைச் சுடும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். சொட்டு மருந்து, எண்ணெய், உப்புநீர் எதையும் விடாதீர்கள். காத்திருப்பு வரிசையில் உட்காராமல், 'மூக்கில் பேட்டரி' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இரு மூக்கிலும் ஒவ்வொரு காந்தம் இருந்து நடுச்சுவரைக் கவ்விக்கொண்டால், அதுவும் இதே அவசரம்தான்.

கேள்வி: இரண்டு வாரமாக மகளுக்கு இடது மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வருகிறது. மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. (பட்டர்வொர்த்)

சாதாரணச் சளி இரு பக்கமும் ஒழுகும். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால், உள்ளே பஞ்சோ, ஸ்பாஞ்சோ, விதையோ இல்லை என்று யாராவது விளக்கு வைத்துப் பார்த்து உறுதிசெய்யும்வரை, இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

கேள்வி: இரவில் காதில் பூச்சி புகுந்து பிள்ளை அலறினால் எண்ணெய் விடலாமா? மணி, விதைக்கும் அதேதானா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

காதுக்குப் பின்வாசல் கிடையாது; உள்ளே செவிப்பறை என்ற சுவர் இருக்கிறது. ஆகவே பின்னாலிருந்து தள்ளுவதற்குக் காற்று இல்லை, காட்டன் பட் விட்டால் பொருள் செவிப்பறையில்தான் போய் முட்டும். உயிருள்ள பூச்சிக்கு மட்டும், உடல் சூட்டிலுள்ள சமையல் எண்ணெயைச் சில சொட்டு விட்டு அதைச் சாகடிக்கலாம். துடிப்பு நின்றால் வலி அடங்கும், எடுப்பதை மறுநாள் எங்களிடம் விடலாம். செவிப்பறையில் ஓட்டையோ, பொருத்திய குழாயோ, காதில் சீழோ உள்ள பிள்ளைக்கு எண்ணெயும் கூடாது. மணியும் விதையும் வலியோ இரத்தமோ இல்லாவிட்டால் காலைவரை காத்திருக்கலாம், பேட்டரி காத்திருக்காது.

கேள்வி: இரண்டு வயதுப் பேரன் கச்சான் தின்னும்போது புரையேறி அரை மணி நேரம் இருமினான், பிறகு சரியாகிவிட்டது. ஐந்து நாளாக இளைப்பு. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். (பாயான் லெப்பாஸ்)

ஐயா, இருமல் நின்றதால் கடலை வெளியே வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கடலைத் துண்டு மூச்சுக்குழாயின் கிளையில் ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால், அங்குள்ள உணர்வு பழகிப்போய் இருமல் அடங்கும். பிள்ளை விளையாடக்கூடச் செய்யும். பிறகு கடலையின் எண்ணெய் அந்த இடத்தைப் புண்ணாக்கி, இளைப்பும் காய்ச்சலும் தொடங்கும். கடலை எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. அதனால் படத்தைவிட, புரையேறிய அந்த அரை மணி நேரக் கதைதான் பெரிய சான்று: எப்போது, என்ன தின்றான், முகம் நீலமானதா என்று சொல்லி, இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பக்க மார்பில் மூச்சொலி குறைந்திருந்தாலோ, கதை மட்டும் வலுவாக இருந்தாலோகூட, மயக்கம் கொடுத்துக் குழாய் வழியாக உள்ளே பார்த்து எடுப்பார்கள்.

புரையேறும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை சத்தமாக இருமினால், அழுதால், தொடாதீர்கள். இருமலைவிட நல்ல தள்ளுகாற்றை நம்மால் தர முடியாது. மீன்முள்ளுக்குச் சோற்று உருண்டை விழுங்க வைக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து, தண்ணீரோ வாழைப்பழமோ கொடுப்பது ஆபத்து. சத்தமே வராமல் முகம் மாறினால் ஒருவர் 999-ஐ அழைக்க, மற்றவர் பிள்ளையை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வராவிட்டால், பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கும் நெஞ்சுக்குழிக்கும் இடையே முஷ்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்தி, வெளிவரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அழுத்தக் கூடாது: தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி ஐந்து தட்டு, திருப்பி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்து. பிள்ளை நினைவிழந்தால், தரையில் கிடத்தி, 999-இல் பேசுபவர் சொல்லச் சொல்ல மார்பழுத்தம் தொடங்குங்கள். வாயில் பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். தெரியாததை விரலால் துழாவினால், சாமணம் சாகா விதைக்குச் செய்ததையே விரல் கடலைக்குச் செய்துவிடும். வயிற்றை அழுத்தி எடுத்த பிள்ளையை, நன்றாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், உள்ளுறுப்பில் அடிபட்டிருக்கலாம்.