முழங்காலில் தங்கிவிட்ட கறுப்புப் புள்ளிகள்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. போன மாதம் ஜல்லி கொட்டியிருந்த ரோட்டில் சைக்கிளோடு சறுக்கி விழுந்து, முழங்கால் நன்றாகத் தேய்ந்துவிட்டது. டெட்டாலை அப்படியே ஊற்றித் துடைத்து, காபித்தூள் வைத்து அமுக்கினோம். கட்டுப் போட்டால் சீழ் பிடிக்கும், காற்றாட விடு என்று மாமியார் சொன்னதால் திறந்தே விட்டோம். பக்கு உதிர்ந்த பிறகு பழுப்பாக ஒரு திட்டும், நடுவில் கறுப்பாகப் புள்ளிகளும் தெரிகின்றன. இவை மறையுமா? இனி விழுந்தால் கட்டுப் போடலாமா, கூடாதா?

பதில்: பழுப்புத் திட்டும் கறுப்புப் புள்ளிகளும் ஒன்றல்ல. திட்டு, காயம் ஆறும்போது தோல் கூடுதலாகச் சுரந்த நிறமி. நம் போன்ற மாநிறத் தோலில் இது மிகவும் சகஜம். சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட எடுத்து, மெல்ல மங்கிவிடும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்பதால் கொஞ்ச நாளைக்கு முழங்காலை மூடும் பேன்ட் போடட்டும். அரைக்கால் சட்டையில் விளையாடப் போனால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் தடவி அனுப்புங்கள்.

புள்ளிகளை உற்றுப் பாருங்கள். ஓரம் தெளிவாக, நீலமோ சாம்பலோ கலந்த கறுப்பாக இருந்தால் அவை பெரும்பாலும் உள்ளே தங்கிய ரோட்டுத் துகள்கள். தோல் அவற்றின் மேல் மூடிக்கொண்டுவிட்டது. பச்சை குத்தியது போலத்தான், தானாகப் போகாது. எந்த க்ரீமும் அவ்வளவு ஆழம் போய் எடுக்காது. ஊசியால் நோண்டினால் புதுத் தழும்புதான் மிஞ்சும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பச்சையை அழிக்கும் லேசரால் பல நேரங்களில் நன்றாகக் குறைக்க முடியும், ஆனால் சில தடவை போக வேண்டியிருக்கும்.

ஆக, இந்தக் காயத்தில் தழும்பை முடிவு செய்தது மருந்து அல்ல, முதல் நாள் கழுவியது. சிராய்ப்பைக் குழாய்த் தண்ணீரில் நேராகக் காட்டி, ஐந்து பத்து நிமிடம் ஓட விட வேண்டும். குடிக்கத் தகுந்த தண்ணீராக இருந்தால் போதும். இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீர். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போடலாம். அப்புறமும் ஒட்டியிருக்கும் மண்ணை நனைத்த காஜ் துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழைகளே காயத்தில் ஒட்டிக்கொள்ளும். தனியாகத் தெரியும் கல்லை, கொதிநீரில் போட்டெடுத்த சிமிட்டாவால் எடுக்கலாம்.

பிள்ளை வலியில் கத்தும்போது நம் கை தயங்கி, "போதும்" என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் தவறிப்போகிறது. கழுவிய பிறகும் கறுப்பு தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போக மருந்து கொடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுவார்கள். நாள் தள்ளத் தள்ள இது கடினம். காபித்தூளும் மஞ்சள்தூளும் வேண்டவே வேண்டாம். அவையும் துகள்கள்தான், அதோடு அடியில் மண் இருப்பதையும் மறைத்துவிடும். தண்ணீர் கலக்காத டெட்டால் கிருமியோடு புதிதாக முளைக்கும் செல்களையும் கொல்லும்.

இனி கட்டு. சுத்தம் செய்த சிராய்ப்பை மூடி, ஈரமாக வைத்திருப்பதே சரி. ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்து 1962-இல் வெளியிட்ட ஆய்வில், மூடி ஈரமாக இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது. காரணம் எளியது. ஓரத்திலிருந்து வரும் புதுச் செல்கள் ஈரப்பரப்பில் வழுக்கிக்கொண்டு நகரும். காய்ந்து பக்கு கட்டினால் அதற்கு அடியில் வழி தேடிப் போக வேண்டும். அதுவும் முழங்கால் மடங்கும் இடம். ஒவ்வொரு படி ஏறும்போதும் பக்கு வெடித்து ரத்தம் கசியும், ஆறுவது தள்ளிப்போகும்.

மெலிதாக வாசலின், அதன் மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் ஒட்டாத பாரஃபின் காஜ், மேலே உலர்ந்த காஜ், பிறகு இறுக்காமல் ரோலர் பேண்டேஜ். தினமும் மாற்றுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காமல் தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். கசிவு நின்று, இளஞ்சிவப்பாகத் தோல் மூடும்வரை தொடர வேண்டும்.

கட்டைப் பிரிக்கும்போது வெளிர் மஞ்சளாகக் கொழகொழவென்று இருப்பதைப் பார்த்துத்தான் பலர் சீழ் என்று பயந்து திறந்து விடுகிறார்கள். பெரும்பாலும் அது காயத்தின் இயல்பான நீர். கழுவினால் அடியில் சிவந்த, சுத்தமான பரப்பு தெரியும். மாறாக, இரண்டு நாளுக்குப் பின் வலி கூடுவது, சிவப்பு சுற்றிலும் பரவுவது, கெட்ட வாடை, காய்ச்சல் இருந்தால் அது கிருமித்தொற்று. மருத்துவர் பார்க்க வேண்டும். முகத்தில் அடிபட்டாலும், அடிபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய சிராய்ப்பானாலும், காலை மடக்க முடியாவிட்டாலும் முதலிலேயே போய்விடுங்கள்.

மகனின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ரோட்டு மண் பட்ட காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி ஒன்று தேவை. 10 வயதில் போடும் ஊசியைப் போட்டிருந்தால் இப்போது வேண்டியதில்லை. விட்டுப்போயிருந்தால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடுங்கள்.