2N3055: எஸ்ஓஏ படத்தில் நம் லோடு எங்கே விழுகிறது?

கேள்வி: சார், லீனியர் சப்ளை ஒன்று கட்டினேன். 30 வோல்ட் இன்புட், 5 வோல்ட் 3 ஆம்பியர் அவுட்புட். 15 ஆம்பியர், 60 வோல்ட் தாங்கும் 2N3055 ஏன் கொஞ்ச நேரத்தில் ஷார்ட் ஆகிறது?

பதில்: அந்த 15-உம் 60-உம் தனித்தனி எல்லைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. உங்கள் டிரான்சிஸ்டர் மேல் நிற்பது 25 வோல்ட், ஓடுவது 3 ஆம்பியர். அந்தப் புள்ளியை டேட்டாஷீட்டில் உள்ள எஸ்ஓஏ படத்தில் வையுங்கள்; எந்த வோல்ட்டில் எவ்வளவு ஆம்பியரைப் பாதுகாப்பாகத் தாங்கும் என்று காட்டும் படம் அது. இரண்டு அச்சும் லாக் அளவு என்பதால் 10-க்கும் 100-க்கும் நடுவே இருப்பது 55 அல்ல, சுமார் 32. குத்துமதிப்பாக வைத்தால் இங்கேயே தவறிவிடும்.

தொடர்ந்து ஓடும் கரண்டுக்கான கோடுதான் டிசி கோடு. புள்ளி அதற்குக் கீழேதான் விழும்; 25 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் வரை இடம் உண்டு. ஆனால் அந்தக் கோடு டிரான்சிஸ்டரின் உலோக உறையான கேஸ் 25 டிகிரியில் இருக்கும்போது வரைந்தது. அதற்கு மேல் டிகிரிக்கு 0.657 வாட் குறையும். கேஸ் 100 டிகிரி என்றால்:

```
P = 115 - 0.657 × (100 - 25) = 65.7 W
```

நீங்கள் எரிப்பது 75 வாட். கேஸ் 86 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஹீட்சிங்க் ஓரத்தை அளந்து ஏமாறாதீர்கள், மைக்காவைத் தாண்டி கேஸ் இன்னும் சூடாக இருக்கும். தெர்மோகப்பிளை கேஸ் மேலேயே வையுங்கள்.

கேள்வி: அப்போ வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, வெப்பத்துக்குக் கழித்துக்கொண்டால் போதும். படமே வேண்டாமே?

பதில்: 40 வோல்ட் வரை சரி. 40-இல் 2.87 ஆம்பியர், பெருக்கினால் அதே 115. அதைத் தாண்டினால் கோடு இன்னும் செங்குத்தாக இறங்கும். அது செகண்டரி பிரேக்டவுன்: கரண்ட் சிப்பின் ஒரே இடத்தில் குவிந்து அங்கே மட்டும் உருக்கிவிடும், கேஸில் சூடு தெரிவதற்குள். பெருக்கல் இதைக் காட்டாது.

முதல் நண்பருக்கும் ஒன்று: அவுட்புட் ஷார்ட் ஆனால் 30 வோல்ட்டும் டிரான்சிஸ்டர் மேல். 3 ஆம்பியர் லிமிட் இருந்தாலும் 90 வாட், கேஸ் 63 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். நடைமுறையில் நடக்காது. இரண்டு டிரான்சிஸ்டரை இணையாக வைத்து, கரண்ட் சமமாகப் பிரிய ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.22 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் 12 வோல்ட் மோட்டாரை ஆன்-ஆஃப்தான் செய்கிறேன். சூடே இல்லை. எனக்கும் இது பொருந்துமா?

பதில்: ஆனில் இருக்கும்போது கவலையில்லை. ஆஃப் ஆகும் நொடியில் மோட்டாரின் கம்பிச்சுருள் வோல்டேஜை ஏற்றிவிடும், கரண்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மோட்டாருக்குக் குறுக்கே டயோடு இல்லையென்றால் புள்ளி படத்துக்கு வெளியே போய்விடும்.

கேள்வி: எலக்ட்ரானிக் லோடுக்கு மாஸ்ஃபெட் எடுத்தேன். படத்தில் 10 மில்லிசெகண்ட் பல்ஸுக்கான கோடு வரைக்கும்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கீழே இறக்கி டிசி கோடாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஸ்விட்சிங்குக்காகச் செய்த மாஸ்ஃபெட்டிலும் சூடான இடம் மேலும் கரண்டை இழுக்கும். டிசி கோடு அச்சிட்ட பாகமாகத் தேடுங்கள்.

அதே நபர்: 5 வோல்ட்டுக்கு மட்டும்தான், சார்.

பதில்: குறைந்த வோல்ட்டில் ஆபத்து குறைவு. எவ்வளவு குறைவு என்பதை அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.