எல்லா கட்டும் பீட் மேலயே இருக்கு, ஆனாலும் பாட்டு வீடியோ ஏன் மெஷின் மாதிரி தெரியுது?

கேள்வி: "முதல் தடவையா ஒரு மியூசிக் வீடியோ எடிட் பண்றேன். ஒவ்வொரு கட்டையும் கரெக்டா பீட்ல வச்சிட்டேன், ஒண்ணு கூட தப்பல, ஆனா பாக்க மெஷின் மாதிரி இருக்கு. பீட்ட பாத்து கட் பண்ணணுமா, வரிய பாத்தா?"

வரிய பாத்து கட் பண்ணுங்க, பீட்ட அடிக்கிற வேலைய ஷாட்டுக்குள்ள நடக்கிற அசைவுகிட்ட கொடுத்துடுங்க. இத நான் கத்துக்கிட்டது ஒரே ஒரு பாட்டுல, அதையே சொல்றேன்.

நான் கோலாலம்பூர்ல, செந்தூல்ல உக்காந்து எடிட் பண்றவன். பினாங்குல ஜார்ஜ் டவுன் பழைய கடைவீதிங்கள்ல மழைக்காலத்துல ஷூட் பண்ண ஒரு மெலடி என்கிட்ட வந்துச்சு. பாட்டு 90 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 90 அடி, நாலு அடி சேந்தா ஒரு பார்; படம் செகண்டுக்கு 25 பிரேம். சரணம் எட்டு பார், அதாவது சுமாரா 21 செகண்ட், அதுல வரி ரெண்டே ரெண்டுதான், ஒவ்வொரு வரியும் ரெண்டு பார் பாடிட்டு அடுத்த ரெண்டு பார் புல்லாங்குழல் போகும். நான் என்ன பண்ணேன்னா ஒவ்வொரு பார்லயும் ஒண்ணாவது அடி, மூணாவது அடி ரெண்டுலயும் கட் வச்சேன், எட்டு பார்ல பதினாறு ஷாட், எல்லாம் ஒரே நீளம். டைரக்டர் அண்ணன் வந்து பாத்துட்டு "தம்பி, தாளம் போடுறது தெரியுது, பாடுறவர் என்ன சொல்றாருன்னு காதுல விழவே இல்லையே"ன்னாரு. எனக்கு அப்ப கோவம்தான் வந்துச்சு. மறுநாள் திரும்ப பாத்தப்ப அவர் சொன்னது உண்மைன்னு புரிஞ்சுது.

முதல் வரி இப்படி வரும்: "மழை நின்ன தெருவில உன் குடை மட்டும் நடக்குது". முதல் பார்ல "மழை நின்ன தெருவில", ரெண்டாவது பார்ல மிச்சம். "குடை" விழறது ரெண்டாவது பாரோட ரெண்டாவது அடிகிட்ட. என் முதல் வெர்ஷன்ல ஈரத்தெரு ஒரு ஷாட், உடனே முதல் பாரோட மூணாவது அடில குடை போற ஷாட், அப்புறம் பாடகர் முகம், அப்புறம் அதே முகம் வேற ஆங்கிள். அதாவது அவர் இன்னும் "தெருவில"ன்னு பாடிட்டு இருக்கும்போதே ஆடியன்ஸ் குடைய பாத்தாச்சு, "குடை"ன்னு சொல்லும்போது ஸ்கிரீன்ல வெறும் முகம். கண்ணுக்கு தெரிஞ்சு போனத காது லேட்டா வந்து சொல்லுது, அந்த வரில கேக்க என்ன மிச்சம் இருக்கு சொல்லுங்க. தமிழ்ல வினைச்சொல் கடைசிலதான வரும், "நடக்குது"ன்னு முடியிற வரைக்கும் அந்த குடை என்ன பண்ணுதுன்னே தெரியாது, அதனால நம்ம பாட்டுல வரியோட கனம் பெரும்பாலும் வால்லதான் இருக்கு. படத்த தலையில கொண்டு போய் வச்சா வரி செத்துப் போயிடும்.

ரெண்டாவது வெர்ஷன்ல முதல் பார் முழுக்க பாடகர் முகத்துலயே இருந்தேன். அவர் மூச்சு இழுக்கிறது ஏழெட்டு பிரேம் முன்னாடியே தெரியிற மாதிரி ஷாட்ட ஆரம்பிச்சேன், அந்த மூச்சுதான் "பாட்டு வருது"ன்னு சொல்லுது, அத வெட்டி எறிஞ்சா வாய் சட்டுனு தொறந்து பொம்மை மாதிரி ஆயிடும். அப்புறம் "உன்"னுக்கும் "குடை"க்கும் நடுவுல கட், அங்க பீட்டே கிடையாது. குடை ஷாட்ட மூணாவது பார் முடியிற வரைக்கும் அப்படியே விட்டுட்டேன், நாலரை செகண்டுக்கு மேல வரும். பீட் எங்க போச்சுன்னா, அந்த பொண்ணோட கால் தேங்கின தண்ணில விழுந்து தெறிக்கிற பிரேம் ஒண்ணு இருக்கு, அது மூணாவது பாரோட ஒண்ணாவது அடில வந்து உக்கார்ற வரைக்கும் ஷாட்ட ஸ்லிப் பண்ணேன். ஸ்லிப்னா கட் ரெண்டு பக்கமும் இருந்த இடத்துலயே இருக்கும், உள்ள இருக்கிற படம் மட்டும் முன்ன பின்ன நகரும், பிரீமியர்ல `Y` அழுத்தினா அந்த டூல் வரும். டிரம்மும் தண்ணியும் சேந்து தெறிக்கும்போது யாருக்கும் அது எடிட்டர் வேலைன்னு தோணாது, தெருவே தாளம் போடுற மாதிரி இருக்கும். நாலாவது பாருக்கு ஒரு ஷாட். அடுத்த வரியும் இதே மாதிரி, மொத்தம் ஆறு ஷாட். பதினாறுல இருந்து ஆறு.

சரணத்துல இப்படி அடக்கி வச்சதுனாலதான் பல்லவில அவுத்து விட முடிஞ்சுது, அதே எட்டு பார்ல பத்தொன்பது ஷாட் போட்டேன், அங்க கட்டே டிரம் மேல விழுந்துச்சு, யாருக்கும் உறுத்தல. ஆனா பல்லவிக்கு முந்தின ஒரு பார்ல ஒரு கட்டும் வைக்கல, அந்த ஒரு பார் சும்மா இருந்தாதான் அடுத்த அடி அடியா விழும்.

டிரம் மேல கட் வைக்கும்போது ஒண்ணு கவனிங்க. வேவ்ஃபார்ம்ல முள்ளு மாதிரி நிக்குதே, அதுக்கு நேரா வச்சா கொஞ்சம் லேட்டா வந்த மாதிரி இருக்கும், ஏன்னா புது படத்த கண்ணு பிடிக்க ஒரு நொடித்துளி ஆகுது. ஒரு பிரேம், மிஞ்சிப் போனா ரெண்டு பிரேம் முன்னாடி வைங்க.

மார்க்கர் விஷயத்துல நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. 90 பிபிஎம், 25 பிரேம்னா ஒரு அடி 16.67 பிரேம், முழு எண் இல்ல. அத 17னு வச்சு காப்பி பேஸ்ட் பண்ணிட்டே போனா எட்டு பார் முடியும்போது பத்து பிரேமுக்கு மேல தள்ளி நிக்கும், அது அரை அடிக்கும் மேல. பாட்ட ஓட விட்டு `M` தட்டிட்டே போங்க, அதுவும் எல்லா அடிக்கும் வேணாம், ஒவ்வொரு பாரோட ஒண்ணாவது அடிக்கு மட்டும், அப்புறம் வேவ்ஃபார்ம் பாத்து விரல் லேட்டான இடத்தையெல்லாம் நகர்த்துங்க. இன்னொரு கலர்ல ஒவ்வொரு வரிலயும் கனமான சொல் எதுவோ அது ஆரம்பிக்கிற இடத்துல மார்க்கர் போடுங்க. எல்லா அடிக்கும் மார்க்கர் இருந்தா கை தானா அங்கதான் வெட்டும், உங்க வீடியோ மெஷின் மாதிரி ஆனதுக்கும் அதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல மட்டும் கட் பண்ணாதீங்க. நான் ஒரு ராத்திரி முழுக்க அப்படி பண்ணேன், காலைல ஸ்பீக்கர்ல போட்டா எல்லா கட்டும் நாலு பிரேம் கிட்ட பின்னாடி வருது. ப்ளூடூத்ல சத்தம் லேட்டா வரும், அந்த லேட்டான சத்தத்துக்கு நான் கட்ட நகர்த்தி வச்சிருக்கேன். ஒயர் ஹெட்ஃபோன் போதும்.

வேற ஷாட்ல இருந்து பாடகர் முகத்துக்கு திரும்பி வரும்போது ஒரு சொல்லு பாதில இருக்கும்போது வராதீங்க, மூச்சு விடுற இடத்துல வாங்க. லிப் சிங்க் சரியான்னு பாக்க ப, ம வர்ற சொல் தேடுங்க, அதுல உதடு கண்டிப்பா ஒட்டும். இந்த வரில "மழை", "மட்டும்" ரெண்டும் இருக்கு, ஒவ்வொரு பிரேமா நகர்த்தி உதடு ஒட்டுற பிரேமும் ம சத்தமும் ஒண்ணா வருதான்னு பாத்துக்கோங்க.

எல்லாம் முடிஞ்சதும் சத்தத்த மியூட் பண்ணிட்டு சரணத்த மட்டும் ஓட விடுங்க. கட்ட பாத்தே தொடைல தாளம் போட முடிஞ்சுதுன்னா இன்னும் அடி மேலதான் வெட்டிட்டு இருக்கீங்க. எனக்கு ரெண்டாவது வெர்ஷன்லயும் ஒரு இடத்துல கை தானா தட்டிச்சு, புல்லாங்குழல் வர்ற நாலாவது பார் ஆரம்பத்துல, அந்த கட்ட மட்டும் குழல் எடுப்புக்கு அரை அடி தள்ளி வச்சேன்.