ஒலிப்பதிவோடு கூடவே பேசிப் பழகுதல்

ஆங்கிலப் பதிவைக் கேட்டபடியே கூடவே பேசிப் பழகுகிறேன். ஏற்ற இறக்கம் மட்டும் வரவில்லை. எந்த மாதிரிப் பதிவை எடுப்பது?

ஒருவரே இயல்பாகப் பேசுகிற, எழுத்துவடிவமும் கிடைக்கிற பதிவில் 30 விநாடிப் பகுதி போதும். கேட்டவுடனே பொருள் விளங்க வேண்டும், ஏனெனில் சொல்லைத் தேடும் கவனத்துக்குத் தொனி எட்டாது. செய்தி வாசிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உரையாடல் தொனி அன்று.

தமிழ் பேசுவோர் பலர் எல்லா அசைகளுக்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் தருகிறோம். ‘ஐ வான்ட் டு கோ டு த பேங்க்’ என்பதில் ‘வான்ட்’, ‘கோ’, ‘பேங்க்’ எடுப்பாக ஒலிக்க, இரண்டு ‘டு’வும் தேய்ந்துவிடும். ஆகவே முதலில் சொற்களை விட்டு, ‘ம்ம்’ என்று முனகியே ஏற்ற இறக்கத்தைப் பின்தொடருங்கள்; பிறகு எழுத்தைப் பார்த்தும், கடைசியில் பாராமலும் பேசி, உங்கள் குரலைப் பதிவுசெய்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். வாக்கிய முடிவில் எப்போதும் பிந்தினால், பெரும்பாலும் தேய வேண்டிய அசைகளை நீட்டுகிறீர்கள்.