எம்.காம்., 5 வருட அனுபவம், 28 வயதுக்குள்: இந்த விளம்பரத்துக்கு யார் வருவார்?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் மொத்த வியாபாரம் செய்கிறோம். கணக்கு பார்த்துக்கொண்டிருந்த பெண் திருமணமாகி வெளியூர் போய்விட்டதால் இப்படி விளம்பரம் கொடுத்தோம்: "உடனடித் தேவை! லேடி அக்கவுண்டன்ட். வயது 22 முதல் 28 வரை. மணமாகாதவர். எம்.காம். 5 வருட அனுபவம். டேலி, ஜி.எஸ்.டி., எக்செல் அனைத்தும் அத்துப்படி. சரளமான ஆங்கிலம். டூவீலர் அவசியம். சம்பளம் தகுதிக்கேற்ப. போட்டோவுடன் பயோடேட்டா அனுப்பவும்." மூன்று வாரமாகிறது. போனில் அழைப்பவர்கள் சம்பளத்தைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். நேரில் வந்த நால்வரும் சரிவரவில்லை. விளம்பரத்தில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் ஒரு கூட்டல் கணக்கு. பிளஸ் டூ முடிக்கும்போது வயது 17 அல்லது 18. பி.காம். மூன்று ஆண்டு, எம்.காம். இரண்டு ஆண்டு. படிப்பு முடிய 22 அல்லது 23 ஆகிவிடும். அதன்மேல் ஐந்து வருட அனுபவம் சேர்ந்தால் 27 அல்லது 28. 22 வயதிலிருந்து 28 வரை கதவைத் திறந்து வைத்திருப்பதாக நினைத்தீர்கள். உண்மையில் கடைசி இரண்டு வயதுக்காரர்கள் மட்டுமே உள்ளே வர முடியும். அவர்களிலும் பெண்ணாக, மணமாகாதவராக, வண்டி வைத்திருப்பவராக, ஆங்கிலம் சரளமாகப் பேசுபவராக இருப்பவர் எத்தனை பேர்? அப்படி ஒருவர் இருந்தால் அவர் கேட்கும் சம்பளம் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். அழைப்புகள் பாதியில் துண்டிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த வகை விளம்பரங்களை நான் பார்க்கும்போதெல்லாம் நிபந்தனைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்காருபவர் ஒரு மாதம் முழுக்க என்ன செய்கிறார் என்றுதான் முதலில் கேட்பேன். தொலைபேசியில் நீங்கள் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது விற்பனை பில்களை டேலியில் பதிய வேண்டும். கொள்முதல் பில்கள் வாரத்துக்குப் பதினைந்து வரும். அவற்றில் பாதி ராஜ்கோட், அகமதாபாத்திலிருந்து. லாரி புறப்படும் முன் இ-வே பில் போட வேண்டும். வாரம் ஒருமுறை பேங்க் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்ன் தாக்கலாக வேண்டும் என்பதால் எட்டாம் தேதியே விற்பனை விவரம் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி என்ற கொள்முதல் வரிப் பட்டியல் வந்ததும், சப்ளையர்கள் ஏற்றிய பில்களும் நம்மிடம் இருக்கும் பில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பாக்கி வைத்திருக்கும் கடைகளுக்குப் போன் செய்து ஞாபகப்படுத்த வேண்டும்.

இனி விளம்பரத்தின் ஒவ்வொரு நிபந்தனையையும் இந்தப் பட்டியலுக்கு அருகில் வைத்து, "இது இல்லாவிட்டால் இதில் எந்த வேலை நின்றுபோகும்?" என்று கேளுங்கள்.

எம்.காம். இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. ரிட்டர்ன் தாக்கலும் ஆண்டுக் கணக்கும் உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார். பி.காம். படித்தவர் போதும்; டேலி பயிற்சி முடித்து இரண்டு ஆண்டு ஒரு கடையில் கணக்கு பார்த்த பிளஸ் டூ படித்தவரும் இதைச் செய்வார். ஆகவே பட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டாம்.

ஐந்து வருட அனுபவம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒருவர் ஐந்து வருடமும் விற்பனை பில் மட்டுமே அடித்திருக்கலாம். இன்னொருவர் ஒன்றரை வருடத்தில் கொள்முதல், பேங்க் சரிபார்ப்பு, 2பி ஒப்பீடு எல்லாவற்றையும் கையால் செய்து பழகியிருக்கலாம். உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர். வருடத்தைக் கேட்டால் முதலாமவர் வந்து உட்காருவார். எனவே செய்யத் தெரிந்திருக்க வேண்டிய வேலையையே எழுதுங்கள்: "வெளிமாநிலக் கொள்முதலுக்கும் தமிழ்நாட்டுக்குள் நடக்கும் கொள்முதலுக்கும் வரியைப் பிரித்துப் பதியத் தெரிந்திருக்க வேண்டும்." ராஜ்கோட் பில்லுக்கு ஐ.ஜி.எஸ்.டி., கரூர் பில்லுக்கு சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் என்று தெரிந்தவர் இந்த வரியைப் படித்ததுமே, தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று புரிந்துகொள்வார். "ஜி.எஸ்.டி. அத்துப்படி" என்பதைப் படித்து அப்படி எதுவும் புரியாது. தெரியாதவரும் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். நேரில் வந்த நால்வர் விஷயத்தில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

வருடக் கணக்கில் இன்னொரு பொறியும் உண்டு. "டேலி ப்ரைமில் 10 ஆண்டு அனுபவம்" என்று கேட்ட விளம்பரம் ஒன்று என் கைக்கு வந்தது. டேலி ப்ரைம் 2020-இல்தான் வெளியானது.

ஆங்கிலத்துக்கு வருவோம். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தமிழில் பேசுகிறார்கள். ராஜ்கோட்டிலிருந்து வரும் மின்னஞ்சலைப் படித்து, "இந்த பில் 2பி-யில் வரவில்லை, ஏற்றிவிடுங்கள்" என்று இரண்டு வரி பதில் எழுதினால் போதும். சரளமாகப் பேச வேண்டிய தேவை எங்குமே இல்லை. "ஆங்கில மின்னஞ்சலைப் படித்துச் சுருக்கமாகப் பதில் எழுதத் தெரிய வேண்டும்" என்று எழுதினால், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துக் கணக்கில் கெட்டிக்காரராக இருக்கும் ஒருவர் தயங்காமல் விண்ணப்பிப்பார்.

டூவீலரை எதற்காகக் கேட்டீர்கள் என்றபோது, வாரம் ஒருநாள் பேங்கில் பணம் கட்ட வேண்டும் என்றீர்கள். தினமும் டெலிவரிக்குப் போகும் தம்பி அந்தப் பக்கமாகத்தானே போகிறார்? வாரத்தில் அரை மணி நேர வேலைக்காக, வண்டி ஓட்ட முடியாத மாற்றுத்திறனாளி ஒருவரையும், வண்டி வாங்க வசதியில்லாத ஒருவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள். கணக்கு வேலை உட்கார்ந்து செய்வது. உங்கள் அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. அதை மறைக்காமல் எழுதி, தேவைப்பட்டால் தரைத்தளத்தில் மேசை போட்டுத் தர முடியும் என்றும் சேர்த்து எழுதுங்கள். உங்களால் முடியும் என்று நீங்களே சொன்னீர்கள்.

"லேடி" என்ற சொல்லை எடுத்தே ஆக வேண்டும். ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுப்பதில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதன் 3-ஆம் பிரிவில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அதே 2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், வேலைக்கு எடுப்பதில் திருநரை ஒதுக்கக் கூடாது என்கிறது. அது தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். பெண்கள் விடுதிக் காப்பாளர் போன்ற பணிகள் வேறு. பில் பதிவதற்குப் பாலினம் எதற்கு? முன்பு இருந்தவர் பெண், பக்கத்து மேசைகளில் இருப்பவர்களும் பெண்கள் என்பதைத் தவிர உங்களிடம் வேறு காரணம் இல்லை.

வயதைப் பொறுத்தவரை தனியார் நிறுவனங்களுக்கு அப்படி நேரடியான சட்டத் தடை கிடையாது. ஆனால் குழந்தைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் வேலைக்குத் திரும்ப நினைக்கும் 36 வயதுக்காரரும், ஆலை மூடியதால் வேலை இழந்த 45 வயதுக் கணக்கரும் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத எதையும் 25 வயதுக்காரர் இந்த வேலைக்குக் கொண்டு வரப்போவதில்லை. "மணமாகாதவர்" என்பதையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக "மணமானவர்" என்று மாற்றியும் எழுதாதீர்கள். விளம்பரத்திலும் நேர்காணலிலும் குடும்ப நிலையைக் கேட்கவே வேண்டாம். போட்டோவும் அப்படித்தான். பயோடேட்டா என்றால் நம் ஊரில் சாதி, மதம், தந்தை பெயர், உயரம் வரை எழுதிவிடுகிறார்கள். "பெயர், தொலைபேசி எண், இதற்கு முன் செய்த வேலை ஆகியவை மட்டும் போதும்" என்று எழுதுங்கள்.

தமிழில் எழுதுவதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. "அவர்", "தெரிந்தவர்", "விண்ணப்பிப்பவர்" என்ற மரியாதை வடிவம் எல்லோருக்கும் பொதுவானது. "பையன் தேவை", "சேல்ஸ்மேன்", "ஆபீஸ் பாய்" போன்றவற்றை "உதவியாளர்", "விற்பனையாளர்" என்று மாற்றிவிட்டால் மற்ற வாக்கியங்கள் தாமாகப் பொதுவாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: "துடிப்பான", "இளமையான", "குடும்பப் பாங்கான", "நல்ல தோற்றமுள்ள" என்ற அடைமொழிகள் வயதையும் பாலினத்தையும் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்துவிடும்.

கடைசியாகச் சம்பளம். 16,000 முதல் 20,000 வரை தர முடியும் என்றீர்கள். அதை அப்படியே போடுங்கள். இ.எஸ்.ஐ. இருக்கிறது என்றும் எழுதுங்கள். ஊழியர் பங்கு 0.75 சதவீதம் என்பதால் 18,000 ரூபாய் சம்பளத்தில் 135 ரூபாய் பிடித்தம் போகும் என்பதைப் பேசும்போது சொல்லிவிடலாம். மாதத்தின் முதல் வாரத்தில் இரவு எட்டு மணி வரை இருக்க வேண்டிவரும் என்பதையும் மறைக்காதீர்கள். சேர்ந்தபின் தெரிந்துகொள்பவர் இரண்டாவது மாதமே போய்விடுவார்.

இவ்வளவையும் சேர்த்து நான் எழுதிய வடிவம் இது:

"கணக்கர் தேவை. கோவை கணபதியில் உள்ள பம்ப் உதிரிபாக மொத்த விற்பனை நிறுவனம். 14 பேர் பணிபுரிகிறோம். வேலை: டேலியில் விற்பனை, கொள்முதல் பதிவு, இ-வே பில், வாராந்திர பேங்க் சரிபார்ப்பு, ஆடிட்டருக்கு மாதாந்திர ஜி.எஸ்.டி. விவரம் அனுப்புதல், பாக்கி நினைவூட்டல். அவசியம்: டேலியில் கொள்முதல் பதிந்த அனுபவம், வெளிமாநில, உள்மாநில வரியைப் பிரிக்கத் தெரிதல், ஆங்கில மின்னஞ்சலைப் படித்துப் பதில் எழுதுதல். 2பி ஒப்பீடு தெரியாவிட்டால் நாங்கள் கற்றுத் தருவோம். நேரம்: திங்கள் முதல் சனி வரை, காலை 9.30 முதல் மாலை 6.30, மாத முதல் வாரத்தில் சில நாள் இரவு 8 வரை. சம்பளம்: ரூ.16,000 முதல் 20,000 வரை, இ.எஸ்.ஐ. உண்டு. அலுவலகம் முதல் மாடி, லிஃப்ட் இல்லை. தேவைப்படுபவருக்குத் தரைத்தளத்தில் இடம் தருவோம். எந்த வயதினரும், எந்தப் பாலினத்தவரும், மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம். நேர்காணலில் அரை மணி நேர டேலி பயிற்சித் தேர்வு உண்டு."

அந்தத் தேர்வுக்குப் பத்துப் பழைய பில்களை எடுத்து, வாடிக்கையாளர், சப்ளையர் பெயர்களை மறைத்துத் தயாராக வையுங்கள். அவற்றில் ஒரு ராஜ்கோட் பில்லில் வேண்டுமென்றே சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று மாற்றிப் போட்டு வையுங்கள். அதைப் பதியாமல் நிறுத்தி உங்களிடம் கேட்பவரைத்தான் நீங்கள் மூன்று வாரமாகத் தேடுகிறீர்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்த வடிவத்தை உங்கள் கடையில் கணக்குக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம், அந்த டெலிவரி தம்பியிடமே, படிக்கக் கொடுங்கள். "இந்த வேலைக்குச் சேருபவர் திங்கட்கிழமை காலையில் வந்து என்ன செய்வார்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் வரியை மட்டும் மறுபடி எழுதுங்கள்.