கல்யாணப் படக்காரர், மண்டபம்: முன்பணம் கட்டும் முன்
சுங்கை சிப்புட்டில் கல்யாணப் படம் எடுப்பவரின் பதில்கள்

அண்ணே, ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்து இன்று காலை 900 வெள்ளி கட்டினேன். இப்போது பிளாக் செய்துவிட்டார்கள்.

படிப்பதை நிறுத்திவிட்டு, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், தங்கச்சி. வங்கிகளோடு சேர்ந்து பணம் போன தடத்தைப் பிடித்து முடக்கப் பார்ப்பார்கள். பணம் கணக்கு மாறிப் போய்க்கொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள், அப்புறம் போலீஸ் புகார். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

போலீஸின் semakmule.rmp.gov.my தளத்தில் அவர்கள் கணக்கு எண்ணைத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. நம்பலாம்தானே?

நம்பக்கூடாது. ஏற்கெனவே போலீஸ் புகார் உள்ள கணக்குகளும் எண்களும்தான் அதில் வரும். முதலில் ஏமாறுபவர் நீங்களாக இருந்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

ஒரு குடும்பம் என்னிடம் விளம்பரம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆல்பம், வீடியோ எல்லாம் சேர்த்து 1,800 வெள்ளி, பாதியை இன்றே கட்டாவிட்டால் தேதி வேறொருவருக்குப் போய்விடுமாம். பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியைத் திறந்தால், அது முன்பு கைப்பேசி உறை விற்ற பக்கம், பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒரு படத்தில் மணமேடைக்குப் பின்னால் கோயம்புத்தூர் முகவரியோடு பேனர் தொங்கியது. ஒரே கல்யாணத்தின் முழுப் படங்களைக் கேட்கச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு அழகான படங்கள்தான் வந்தன. உண்மையில் எடுத்தவரிடம் பந்தியில் சாப்பிடும் மாமா வரை நூற்றுக்கணக்கில் இருக்கும். பணம் அனுப்பும் டூயிட்நவில் அவர்கள் தந்த எண்ணைப் போட்டதும் ஸ்டூடியோவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் பெயர் வந்தது. கேட்டால் "எங்கள் கணக்காளர்" என்றார்கள். குடும்பம் பணம் கட்டவில்லை.

நானும் படம் எடுக்கிறவன்தான். நம்ம ஊரில் பாதிப் பேர் சொந்தக் கணக்கில்தான் வாங்குகிறோம். அதற்காகத் திருடனா? எஸ்எஸ்எம் வியாபாரப் பதிவு எண்ணைக் காட்டினால் போதாதா?

முதல் பாதி சரி தம்பி, சொந்தக் கணக்கு குற்றமில்லை. எண் மட்டும் போதாது. இன்னொருவர் வியாபாரத்தின் எண்ணை யாரும் எடுத்துப் போடலாம். எஸ்எஸ்எம் பதிவில் உள்ள உரிமையாளர், டூயிட்நவில் வரும் பெயர், நேரில் பேசியவர், மூவரும் ஒருவராக இருக்க வேண்டும்.

கோலாலம்பூர் வாடிக்கையாளர் நேரில் வர முடியாதே அண்ணே? மனைவி கணக்கில் வாங்குபவர்கள் என்ன செய்வது?

வீடியோ அழைப்பில் முகம் காட்டி, மனைவி பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். அப்படியும் சிலர் தயங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கோயில் மண்டபம் பாதி விலைக்கு என்று ஃபேஸ்புக்கில் வந்தது, 300 வெள்ளி முன்பணம். கட்டலாமா?

கோயில் அலுவலகத்துக்குப் போய், பதிவுப் புத்தகத்தில் உங்கள் தேதியை எழுதுவதைப் பார்த்துவிட்டு அங்கேயே ரசீது வாங்குங்கள். மண்டபத்தின் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம்.

செமாக் மியூலில் பெயர் இல்லை, கட்டலாமா?

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

படம் எடுத்தார், முழுப் பணமும் வாங்கினார், எட்டு மாதமாக ஆல்பம் தரவில்லை. 997-க்கு அழைக்கவா?

வேண்டாம் அக்கா, இது வேறு வழக்கு. ஆள் யார், கடை எங்கே என்று உங்களுக்குத் தெரியும். 50,000 வெள்ளி வரையான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.