தெறி எந்தப் பக்கம், பொக்கற் எந்தப் பக்கம்: துணிப்பட எடிற் பற்றிய கேள்விகள்

(யாழ்ப்பாணத்துத் துணிக்கடைகளுக்குப் படம் திருத்திக் கொடுக்கும் அக்கா ஒருவர் பதிலளிக்கிறார்.)

யாழ் நகரில் கடை வைத்திருப்பவர்: பொடியன் இடப்பக்கம் பார்க்கிற மாதிரி படத்தைத் திருப்பி பேனர் அடித்தோம். இப்ப "இது பொம்பிளையள் சேர்ட்டோ" என்று கேட்கினம். என்ன பிழை?

அண்ணை, திருப்பினதுதான் பிழை. ஆண்கள் சேர்ட்டில் தெறி அணிபவரின் வலக்கைப் பக்கம், ஓட்டை இடக்கைப் பக்கம் இருக்கும். பூட்டினால் இடப்பக்கத் துணி மேலே வரும். பெண்கள் சேர்ட்டில் வலப்பக்கத் துணி மேலே. இடம், வலம் என்று நான் சொல்வதெல்லாம் போட்டிருப்பவருடைய பக்கம். முன்பக்கப் படத்தில் அவருடைய இடம் எங்களுக்கு வலம், அதில்தான் எல்லாருக்கும் குழப்பம்.

தெறி வரிசையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆண்கள் சேர்ட்டில் மேல் துணியின் விளிம்பு, மெல்லிய நிழலோடு, எங்களுக்கு இடப்பக்கமாக நிற்கும். உங்கள் பேனரில் அது வலப்பக்கம் போயிருக்கும். நெஞ்சுப் பொக்கற்றும் இடம் மாறியிருக்கும். ஒற்றைப் பொக்கற் வைத்த சேர்ட்டில் அது அணிபவரின் இடப்பக்கம் இருப்பதுதான் வழக்கம்.

மிகச் சுலபமான வழி, பழைய படத்தைத் திருப்பாமல் வைத்துவிட்டு எழுத்தை மறுபக்கம் கொண்டுபோவது. நான் முதலில் இதைத்தான் கேட்பேன். பேனர் அமைப்பை மாற்றவே முடியாது என்றால் மட்டும் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

அதே கடைக்காரர்: எழுத்தை மாற்ற ஏலாது, மற்றப் பக்கத்தில கடையின்ர சின்னம் இருக்கு. சேர்ட்டை மட்டும் திருத்தலாமோ?

பொடியன் நேராக நிற்கிறார், சேர்ட்டும் ஒரே நிறம் என்றால் முடியும். போட்டோஷொப்பில் திருப்பிய படத்தைத் திறந்து, தெறிப் பட்டியைக் கழுத்துப்பட்டியின் அடியிலிருந்து கீழ்த்தையல் வரை தெரிவு செய்யுங்கள். பட்டியை விட இரு பக்கமும் கொஞ்சம் அகலமாக, தெறி வரிசை சரி நடுவில் வருமாறு எடுக்க வேண்டும். Ctrl+J கொடுத்துத் தனி அடுக்காக்கி, Edit > Transform > Flip Horizontal. தெறிகள் நடுவில் இருப்பதால் அவை இருந்த இடத்திலேயே நிற்கும். விளிம்பும் அதன் நிழலும் மட்டும் பக்கம் மாறும். ஓரங்களை மென்மையான தூரிகையால் மாஸ்க் செய்தால் ஒட்டினது தெரியாது.

பலர் தவறவிடுவது கழுத்துப்பட்டியின் அடியை. மேல் தெறி பூட்டிய சேர்ட் என்றால் அங்கேயும் ஒரு நுனி மற்றதன் மேல் ஏறி நிற்கும். பட்டியை மட்டும் திருப்பி அதை விட்டால், கழுத்து பெண்களுடையது போலவும் நெஞ்சு ஆண்களுடையது போலவும் ஆகிவிடும். நானே ஒரு கடைக்கு அப்படிக் கொடுத்து, அச்சடித்த பிறகு மேல் தெறியைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன்.

பிறகு பொக்கற். அடியில் இருக்கும் பட அடுக்குக்குத் திரும்பிப்போய், சுற்றுத் தையலோடு தெரிவு செய்து Ctrl+J, அதையும் Flip Horizontal செய்து, Move கருவியால் Shift பிடித்தபடி மறுபக்கம் இழுங்கள். Shift பிடித்தால் உயரம் மாறாது. தெறி வரிசையிலிருந்து முன்பு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் விடுங்கள். பழைய இடத்தை அடி அடுக்கில் பக்கத்துத் துணியால் குளோன் செய்து மூடிவிடலாம்.

வெளிச்சம் முன்னாலிருந்து வந்திருந்தால் இவ்வளவுடன் சரி. யன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்திருந்தால் பட்டியின் நிழல் மட்டும் மற்ற மடிப்புகளுக்கு எதிர்ப்பக்கம் விழும், அதைக் கையால் மாற்ற வேண்டும். கட்டம் போட்ட சேர்ட்டில் பட்டியின் கட்டம் பக்கத்துத் துணியோடு சேராது. ஆள் சரிந்து நின்றாலும் இந்த வழி வேலை செய்யாது. அப்படியான படத்துக்கு மறுபடி படம் எடுப்பதுதான் மலிவு.

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி: அப்ப ஆண்கள் சேர்ட் படத்தைத் திருப்பினா பெண்கள் சேர்ட் படம் கிடைக்குந்தானே? எல்லாம் எதிர்ப்பக்கம்தானே?

பாதி சரி தம்பி. தெறி சரியாக வந்துவிடும், பொக்கற் காட்டிக்கொடுக்கும். பெண்கள் சேர்ட்டிலும் ஒற்றைப் பொக்கற் இருந்தால் அது பெரும்பாலும் இடப்பக்கம்தான். நீங்கள் திருப்பினது வலத்தில் நிற்கும். அதனால் ஒரு படத்தைச் சந்தேகப்பட்டால் தெறியை மட்டும் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வலத்துணி மேலே, பொக்கற் இடத்தில் என்றால் பெண்கள் சேர்ட். வலத்துணி மேலே, பொக்கற்றும் வலத்தில் என்றால் யாரோ ஆண்கள் சேர்ட்டைத் திருப்பியிருக்க நல்ல வாய்ப்பு. தோள் அகலமும் நெஞ்சு வெட்டும் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். வாங்கினவர் கையில் வேறு சேர்ட் போய்ச் சேர்ந்தால் அவர் ஏமாந்தவர்தானே.

நெல்லியடி, ஜீன்ஸ் விற்கும் தம்பி: ஜீன்ஸுக்கும் சிப்பை வைத்து இதே மாதிரிக் கண்டுபிடிக்கலாமோ?

சிப்பை நம்ப வேண்டாம். ஆண்கள் காற்சட்டையில் சிப்பை மூடும் துணி இடப்பக்கத்திலிருந்து வரும். பெண்கள் ஜீன்ஸையும் பலர் அதே மாதிரித் தைக்கிறார்கள், சிலர் மாற்றித் தைக்கிறார்கள். முன்பக்கப் பெரிய பொக்கற்றுக்குள் இருக்கும் சின்னக் காசுப் பொக்கற்றைப் பாருங்கள். இருபாலாரின் ஜீன்ஸிலும் அது அணிபவரின் வலப்பக்கம்தான் வழக்கம், முன்பக்கப் படத்தில் எங்களுக்கு இடப்பக்கம். அது மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

கோப்பாய், வீட்டிலிருந்து பஞ்சாபி விற்பவர்: அக்கா, நான் எடிற் ஒன்றும் செய்யேல்ல. கண்ணாடிக்கு முன்னால நின்று போனில எடுத்தன். சிப் என்ர வலப்பக்கம் வந்திட்டுது, துணி வாங்கினவ கேட்கிறா.

தங்கச்சி, கண்ணாடி உங்களுக்காக எடிற் செய்துவிட்டது. பக்கச் சிப் வைத்த பஞ்சாபியில் அது பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். கண்ணாடியில் தெரிவதைப் பின்பக்கக் கமராவால் எடுத்தால் படம் முழுவதும் மாறிப்போகும், போனில் ஒருமுறை திருப்பிவிட்டால் போதும். முன்பக்கக் கமராவால் நேரே எடுப்பதென்றால் போனின் அமைப்பைப் பொறுத்தது. ஐபோனில் Settings > Camera > Mirror Front Camera போட்டிருந்தால் மாறித்தான் சேமிக்கும், நிறுத்திவிடுங்கள்.

முதுகுப்பக்கப் படத்தில் கணக்கு வேறு. அங்கே அணிபவரின் இடம் எங்களுக்கும் இடம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டு படமும் போட்டால் சிப் எங்களுக்கு ஒன்றில் வலப்பக்கமும் மற்றதில் இடப்பக்கமும் தெரிய வேண்டும். இரண்டிலும் ஒரே பக்கம் தெரிந்தால் ஒன்று திரும்பியிருக்கிறது.

மானிப்பாயிலிருந்து ஒரு அம்மா: என்ர மனுசன்ர சேர்ட்டை மகளுக்குச் சின்னதாக்கித் தைக்கிறன். தெறியை மற்றப் பக்கம் மாத்துறதோ?

அம்மா, நாங்கள் படத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனாலும் சொல்கிறேன். மாற்ற வேண்டாம். தெறியை வெட்டித் தைக்கலாம், வெட்டின ஓட்டையை மூடினால் தழும்பு தெரியும். அப்படியே போடட்டும்.

திருநெல்வேலி, சேலைக் கடை: சேலைப் படம் திரும்பினதை எப்படிப் பார்க்கிறது? பிளவுஸ் கொக்கியை வைத்தோ?

முதலில் தலைப்பைப் பாருங்கள். எங்கள் கட்டில் அது இடத்தோளில் போகும். வலத்தோளில் கிடந்தால் படம் திரும்பியிருக்கலாம். ஆனால் குஜராத்திக் கட்டில் தலைப்பு வலத்தோளால் முன்னுக்கு வரும், அதைத் "திருத்தி" விடாதீர்கள். பிளவுஸ் கொக்கி நான் பார்த்தவற்றில் வலப்பக்கத் துணி மேலே வருவதுதான் அதிகம். தையல்காரர் மாற்றி வைத்ததையும் பார்த்திருக்கிறேன், அதனால் கொக்கியை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

உரும்பிராயில் தைக்கிறவர்: நான் நாற்பது வருசமாத் தைக்கிறன். கொக்கி வலத்திலதான், மாற்றி வைக்கிறவை பழகாதவை.

இருக்கலாம் ஐயா. ஆனால் என்னிடம் வருவது தைத்து முடித்த பிளவுஸின் படம். அதில் கொக்கி இடப்பக்கம் இருந்தால் நான் இடப்பக்கமேதான் விடுவேன், வாங்குபவர் கையில் அதுதானே போகப்போகிறது.